வெந்தயத் தண்ணீரா, வெந்தயமா? சர்க்கரை குறைவதற்கான ஆதாரம் எவ்வளவு?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, டைப் 2 சர்க்கரை. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும் சாப்பிடுகிறார். எச்பிஏ1சி 7.6. ராத்திரி ஒரு ஸ்பூன் வெந்தயத்தை ஊறவைத்து, காலை ஆறு மணிக்கு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வெந்தயத்தையும் அப்படியே விழுங்குகிறார். இதனால் உண்மையில் சர்க்கரை குறையுமா? ஆராய்ச்சி ஆதாரம் ஏதாவது இருக்கிறதா, இல்லை சும்மா சொல்கிறார்களா?

பதில்: சும்மா சொல்வதில்லை, ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்த ஆதாரம் அம்மா குடிக்கும் தண்ணீருக்கு இல்லை. அரைத்த வெந்தயத்தை, இதைவிடக் கூடுதல் அளவில், சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் கிடைத்தது அது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கிவிடும்.

வெந்தய விதையைக் குறுக்கே வெட்டினால் மேலே ஒரு கடினத் தோல் இருக்கும். உள்ளே மஞ்சளாகப் பருப்பு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி போன்ற ஒரு அடுக்கு உண்டு. வெந்தயத்தின் பிசின் முழுக்க அந்த நடு அடுக்கில்தான் இருக்கிறது. அதன் பெயர் கேலக்டோமன்னன். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசினும் இதே குடும்பம்தான். 100 கிராம் வெந்தயத்தில் ஏறத்தாழ பாதி நார்ச்சத்து, அதிலும் பாதிக்குப் பக்கமாகத் தண்ணீரில் கரையும் நார். அந்தக் கரையும் நாரில் பெரும்பகுதி இந்தப் பிசின்தான்.

பிசின் என்ன செய்கிறது என்பதை மிக்ஸியிலேயே பார்க்கலாம். ஊறிய வெந்தயத்தைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்தால் மாவு நுரைத்துப் பொங்கி வரும், விரலால் தொட்டு எடுத்தால் இழை இழையாக நீளும். வயிற்றில் நடப்பதும் இதுதான். சாப்பிட்ட இட்லியோ சோறோ இந்தக் கொழகொழப்பில் சிக்கிக்கொள்வதால் இரைப்பையிலிருந்து குடலுக்கு மெதுவாகவே இறங்குகிறது. குடலிலும் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் அதை எளிதில் சென்று சேர முடிவதில்லை, உடைந்து வந்த குளுக்கோஸும் குடல் சுவரை அடையத் தாமதமாகிறது. சாப்பிட்ட மொத்தச் சர்க்கரை பெரிதாகக் குறைந்துவிடாது, அது ரத்தத்தில் வந்து சேரும் வேகம்தான் குறையும். டைப் 2 உள்ளவர்களுக்கு இன்சுலின் தாமதமாகவும் போதாமலும் சுரப்பதால், இந்த வேகக் குறைவே சாப்பிட்ட பின் ஏறும் உச்சத்தைத் தணிக்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் நம் நாட்டவர்களே. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆர். டி. சர்மா 1986-ல் வெளியிட்ட ஆய்வில் வெந்தயத்தைப் பல வடிவங்களில் கொடுத்து, சர்க்கரை ஏறி இறங்கும் வளைவின் கீழ்ப் பரப்பை அளந்தார். முழு விதையின் மாவில் அது 42 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. பிரித்தெடுத்த பிசினை மட்டும் கொடுத்தபோது 37 சதவீதத்துக்குச் சற்று மேல், சமைத்த விதையில் 35 சதவீதம். பிசினை நீக்கிய விதையிலும், சமைத்த வெந்தயக் கீரையிலும் சொல்லிக்கொள்ளும் பலன் இல்லை. வெந்தயத்தைப் பற்றி நடந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தெரிவது இதுதான். பிசின் இருந்தால் வேலை செய்கிறது, எடுத்துவிட்டால் போய்விடுகிறது, சமைத்தாலும் பெரும்பாலும் நிற்கிறது என்ற மூன்றையும் ஒரே ஆய்வு காட்டிவிடுகிறது.

இப்போது அம்மாவின் டம்ளருக்கு வருவோம். ராத்திரி முழுக்க ஊறினாலும் பிசின் பெரும்பாலும் விதைக்குள்ளேயே வீங்கி நிற்கும். தண்ணீருக்கு வருவது கொஞ்சம் நிறம், கசப்பு, மணம், மேலாகக் கசிந்த சிறிது கொழகொழப்பு அவ்வளவுதான். அம்மா விதையையும் விழுங்குகிறார் என்பதால் பிசின் உள்ளே போகத்தான் செய்கிறது. ஆனால் மென்று உடைக்காத விதையின் தோல் எளிதில் சிதையாது. உள்ளிருக்கும் பிசின் சாப்பாட்டோடு கலக்கும் முன்பே விதை குடலில் வெகுதூரம் போயிருக்கும். பலருக்கு விதை முழுசாகவே வெளியேறும்.

நேரமும் பொருந்தவில்லை. ஆறு மணிக்குக் குடித்துவிட்டு எட்டரைக்கு இட்லி சாப்பிட்டால், வெறும் வயிற்றில் போன தண்ணீர் எப்போதோ இரைப்பையைக் கடந்திருக்கும். பிசின் வேலை செய்ய அது சாப்பாட்டோடு ஒரே நேரத்தில் வயிற்றில் இருக்க வேண்டும். 1988-ல் இஸ்ரேலில் மடார் குழுவினர் 21 டைப் 2 நோயாளிகளுக்கு 15 கிராம் வெந்தயப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்து, குளுக்கோஸ் ஏறுவதைப் பார்க்கும் சோதனை உணவோடு சேர்த்தே கொடுத்தார்கள். சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை தெளிவாகக் குறைந்தது.

பிசின் தவிர வேறு பொருட்களும் உண்டு. அவற்றைக் காட்டித்தான் மாத்திரையும் கேப்ஸ்யூலும் விற்கிறார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது 4-ஹைட்ராக்ஸி ஐசோலூசின் என்ற அமினோ அமிலம். மனித உடலில் இது கிடையாது. உடலிலிருந்து பிரித்தெடுத்த கணையத் திசுக்களில் இதைச் சேர்த்தபோது, சர்க்கரை அதிகமாக இருந்தால் மட்டும் இன்சுலின் சுரப்பைக் கூட்டியது என்று 1990-களில் பிரான்சில் செய்த ஆய்வுகள் காட்டின. மிக அழகான கண்டுபிடிப்பு, ஆனால் அது ஆய்வகத் தட்டில் கிடைத்தது. ஒரு ஸ்பூன் வெந்தயத்திலிருந்து ரத்தத்துக்கு எவ்வளவு வருகிறது, அது மனிதரின் கணையத்தை அசைக்கப் போதுமா என்பதற்கு அதைக் கொண்டு பதில் சொல்ல முடியாது. இரண்டாவது ட்ரைகோனெல்லின், காபியிலும் இருக்கும் பொருள். அதை 500 மில்லிகிராம் தனியாகக் கொடுத்துக் குளுக்கோஸ் பானம் குடிக்கச் செய்த ஒரு மனித ஆய்வில், 15-வது நிமிடச் சர்க்கரை கொஞ்சம் தாழ்ந்தது, மொத்த வளைவின் பரப்பு மாறவில்லை. 5 கிராம் வெந்தயத்தில் இருக்கும் ட்ரைகோனெல்லின் அந்த 500 மில்லிகிராமில் ஒரு சின்னப் பங்குதான். சமையலறை அளவில் நம்பத் தகுந்த வேலையாள் பிசின் ஒன்றே என்பது என் முடிவு.

ஆதாரம் எவ்வளவு உறுதி என்ற கேள்விக்கு வருகிறேன். 2014-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அதுவரை நடந்த 10 சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 17 மி.கி. குறைந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தது 39 மி.கி. அளவுக்குக் குறைந்தது. எச்பிஏ1சி 0.85 குறைந்தது. படித்த உடனே மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஒரு மாத்திரை தரும் அளவுக்குப் பக்கத்தில் வரும் எண் இது. ஆனால் அதே ஆய்வில் இரண்டு விஷயங்கள் கூடவே இருக்கின்றன. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகக் கொடுத்த சோதனைகளில் இந்தப் பலன் தெரியவில்லை. மற்றது, அந்த 10 சோதனைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை: ஒன்றில் 1 கிராம் சாறு, இன்னொன்றில் 100 கிராம் மாவு, ஒன்று சில நாட்கள், இன்னொன்று மாதங்கள். இப்படிப்பட்டவற்றின் சராசரியை அம்மாவுக்கு நடக்கப்போகும் எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சோதனைகளின் பலவீனம் எங்கே என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் இருபது முப்பது பேர்தான். வெந்தயத்தின் மணமும் கசப்பும் ஒளிக்க முடியாதவை, அதனால் தான் சாப்பிடுவது வெந்தயமா வெற்று மாவா என்பது சாப்பிடுபவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தவர் அந்த மாதங்களில் சோற்றையும் குறைப்பார், நடக்கவும் செய்வார். எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எண், பல சோதனைகள் அதற்குள் முடிந்துவிட்டன. ஈரானில் நடந்த ஒரு சிறு ஆய்வில் நாளுக்கு 10 கிராம் பொடியைச் சிலருக்கு வெந்நீரில் ஊறவைத்தும் சிலருக்குத் தயிரில் கலந்தும் எட்டு வாரம் கொடுத்தார்கள். வெந்நீரில் சாப்பிட்ட 11 பேருக்கு ஃபாஸ்டிங் சர்க்கரை 25 சதவீதம் குறைந்தது, தயிரில் சாப்பிட்ட 7 பேருக்குக் குறிப்பிடும்படி மாறவில்லை. பொடி முதலில் தண்ணீரில் நன்றாக ஊற வேண்டும் என்பதற்கு இது ஒரு குறிப்பாக இருக்கலாம். ஆனால் 11 பேரையும் 7 பேரையும் வைத்து அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

இன்னொரு எண் அடிக்கடி காதில் விழும்: "வெந்தயம் சர்க்கரையை 54 சதவீதம் குறைக்கும்." அது 1990-ல் சர்மா குழுவினர் டைப் 1 நோயாளிகளிடம் செய்த ஆய்வு. கொடுத்தது கொழுப்பு நீக்கிய வெந்தய மாவு, நாளுக்கு 100 கிராம், மதியமும் இரவுமாகப் பிரித்து, பத்து நாட்களுக்கு. 54 சதவீதம் குறைந்தது 24 மணி நேரச் சிறுநீரில் வெளியேறிய சர்க்கரை, ரத்தச் சர்க்கரை இல்லை. ஒரு ஸ்பூனுக்கு அந்த எண்ணைச் சொல்வது தவறு.

நீண்ட காலச் சோதனை ஒன்று உண்டு. 2015-ல் வெளியான இந்திய ஆய்வு அது. சர்க்கரை வரும் எல்லையில் இருந்த 140 பேரில் 66 பேருக்கு 5 கிராம் பொடி, நாளுக்கு இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன்பு, மூன்று ஆண்டுகள். வெந்தயம் எடுக்காதவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 4.2 மடங்கு அதிகமாக இருந்தது. மூன்று வருடம் பொறுமையாகப் பார்த்திருப்பதால் இதற்கு மதிப்பு உண்டு. இதே அளவு வித்தியாசத்தை வேறு ஊரில், வேறு ஆட்கள், இன்னும் பெரிய கூட்டத்தில் காட்டினால்தான் மருத்துவர்கள் பரிந்துரையாக எழுதுவார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டி இன்றும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்காக மூலிகைகளைப் பரிந்துரைப்பதில்லை.

ஆக, சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையைத் தணிக்கும் என்பதற்கு ஆதாரம் ஓரளவு நன்று, காரணமும் விளங்குகிறது. ஃபாஸ்டிங்கையும் எச்பிஏ1சியையும் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் தளர்வானது. மாத்திரைக்குப் பதிலாக நிற்கும் என்பதற்கு எதுவும் இல்லை.

அம்மா விரும்பினால் இப்படி மாற்றிச் செய்யலாம். முதலில் ஸ்பூனை நம்ப வேண்டாம். ஒரு டீஸ்பூன் முழு வெந்தயம் 4 கிராமுக்குப் பக்கம் வரும். பொடி, அரைத்த நைசைப் பொறுத்து மாறும். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எந்த ஸ்பூனில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். 5 கிராம் வெந்தயத்தில் பிசின் ஒரு கிராமுக்குச் சற்று மேல் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 2 கிராம் பொடி ஏன் எதையும் அசைப்பதில்லை என்பது புரியும்.

வெந்தயத்தை வெறும் சட்டியில் லேசாகச் சூடேற்றி, ஆறியதும் நைசாகப் பொடித்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும். சிவக்க வறுக்கத் தேவையில்லை. சாப்பிட உட்காரும் பத்து பதினைந்து நிமிடம் முன்பு 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் பொடியைக் கலக்கி வைத்தால், கஞ்சி போலக் கெட்டியாகும். அதில் கொஞ்சம் மோரும் உப்பும் சேர்த்து, முதல் வாய் சாப்பாட்டுக்கு முன்பே குடித்துவிட வேண்டும். ஊறவைத்துச் சாப்பிடுவதுதான் அம்மாவுக்குப் பழக்கம் என்றால், ராத்திரி ஊறப்போட்ட 5 கிராமை அதே தண்ணீரோடு மிக்ஸியில் அரைத்து, காலைச் சாப்பாட்டோடு கொடுங்கள். முதல் வாரம் 2.5 கிராம், ஒருவேளை மட்டும். வயிறு ஏற்றுக்கொண்டால் 5 கிராம், அதற்கடுத்த வாரம் இரவுச் சாப்பாட்டுக்கும் 5 கிராம். உலர்ந்த பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கவே கூடாது. தொண்டையிலேயே வீங்கி அடைக்கும் ஆபத்து உண்டு, வயதானவர்களுக்கு இன்னும் அதிகம்.

"இட்லி மாவில்தான் வெந்தயம் போடுகிறோமே" என்பார்கள். நான்கு ஆழாக்கு அரிசிக்கு ஒரு டீஸ்பூன் வெந்தயம், அதாவது 4 கிராம். அந்த மாவில் ஐம்பது இட்லி வந்தால், மூன்று இட்லி சாப்பிடுபவருக்குக் கால் கிராம்கூட வராது. அது இட்லியின் மென்மைக்கு, சர்க்கரைக்கு இல்லை. வெந்தயக் களியில் வெந்தயம் போதுமான அளவு இருக்கும், ஆனால் கூடவே அரிசியும் கருப்பட்டியும் இருக்கிறதே. கருப்பட்டியும் சர்க்கரைதான். முளைகட்டிய வெந்தயம் கசப்புக் குறைவு என்று பலர் அதற்கு மாறுகிறார்கள். முளைக்கும் விதை தனக்கு உணவாக அந்தப் பிசினைத்தான் உடைத்துப் பயன்படுத்துகிறது. கசப்புக் குறைந்ததோடு நமக்கு வேண்டியதும் குறைகிறது.

பலன் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஆறு நாட்கள் காலையில் ஒரே சாப்பாடு: மூன்று இட்லி, ஒரே அளவு சாம்பார், மெட்ஃபார்மின் வழக்கமான நேரத்தில். ஒருநாள் வெந்தயத்தோடு, மறுநாள் இல்லாமல் என்று மாற்றி மாற்றி. சாப்பிடும் முன் ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை குத்திப் பார்த்து எழுதவும். உதாரணத்துக்கு, வெந்தயம் இல்லாத மூன்று நாட்களில் 138-லிருந்து 212, 142-லிருந்து 208, 135-லிருந்து 214 என்று வந்தால் ஏற்றம் 74, 66, 79. சராசரி 73. வெந்தயம் சாப்பிட்ட நாட்களில் ஏற்றம் 52, 49, 58 என்றால் சராசரி 53. இருபது குறைந்திருக்கிறது, மூன்று நாளும் ஒரே பக்கமாகக் குறைந்திருக்கிறது, அதனால் இதற்குப் பொருள் உண்டு. ஒரே ஒருநாள் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நல்ல குளுக்கோமீட்டருக்கே 15 சதவீதம் வரை முன்பின் அனுமதி உண்டு. உண்மையான 200, மீட்டரில் 170 என்றும் காட்டலாம், 230 என்றும் காட்டலாம். மூன்று வெந்தய நாட்களும் 70, 45, 81 என்று சிதறினால் பலன் தெரியவில்லை என்றே அர்த்தம்.

என்ன தவறலாம்? வாயுவும் வயிற்றுப்போக்கும்தான் அதிகம். மெட்ஃபார்மினும் இதையேதான் செய்யும், அதனால் மாத்திரை அளவைக் கூட்டிய வாரத்தில் வெந்தயத்தையும் தொடங்கினால் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. வியர்வையிலும் சிறுநீரிலும் வெந்தய வாசனை வரும், பயப்பட வேண்டாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் கதை வேறு. நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி வந்தால் உடனே குத்திப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே வந்தால் குளுக்கோஸ் கொடுத்துவிட்டு, மருந்தளவைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

அம்மா தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். காலை ஆறு மணி வெந்தயத் தண்ணீர் பல வீடுகளில் அந்த மாத்திரையோடு மோதுகிறது. வெந்தயத்தின் நார்ச்சத்து அந்த மாத்திரை உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும். அப்படி இருந்தால் காலை வெந்தயத்தை விட்டுவிட்டு மதியத்துக்கும் இரவுக்கும் மாற்றிவிடுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவில் தொடங்கக் கூடாது. நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஒரே குடும்பத்துப் பயிர்கள் அவை. கர்ப்பமாக இருப்பவர்கள் தாளிப்பு அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு எச்பிஏ1சி, மூன்று மாதம் கழித்து அதே லேபில் இன்னொன்று. 7.6 என்பது 7.4 ஆனால் அது லேபின் வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள்தான் வரும், வெந்தயத்தின் கணக்கில் எழுத முடியாது. 7.0 பக்கம் வந்து, அந்த மூன்று மாதத்தில் மாத்திரை அளவும் எடையும் மாறாமல் இருந்தால் தொடரலாம். 7.6-லேயே நின்றாலோ ஏறினாலோ வெந்தயத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். அடுத்த மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் அது.